நான்கால் வகுப்பதா, மூன்றால் வகுப்பதா?

தேயிலையை 500 கிராம் பொட்டலங்களாகப் போடும் ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே வரும் பொட்டலங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கை எடுத்துத் தராசில் வைத்தால் 498, 503, 501, 506 கிராம் என்று காட்டுகிறது. சராசரி 502. ஆனால் இயந்திரத்தைக் கவனிப்பவருக்குச் சராசரி மட்டும் தெரிந்தால் போதாது. பொட்டலத்துக்குப் பொட்டலம் எடை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்கு நாம் பள்ளியிலேயே படித்த வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு எடையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகலை வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். இங்கே விலகல்கள் –4, 1, –1, 4. வர்க்கங்களின் கூட்டல் 16 + 1 + 1 + 16, அதாவது 34.

இதுவரை சிக்கல் ஏதுமில்லை. இந்த 34-ஐ எதனால் வகுப்பது என்பதில்தான் சிக்கல். எக்ஸெல்லில் `VAR.P` என்று கேட்டால் நான்கால் வகுத்து 8.5 என்கிறது. `VAR.S` என்று கேட்டால் மூன்றால் வகுத்து 11.33 என்கிறது. எடைகள் அதேதான், கணினியும் அதேதான். விடைகளுக்கு இடையே மட்டும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். நான்கு எண்களின் சராசரி வேண்டுமென்றால் நான்கால் வகுப்போம். அப்படியிருக்க விலகல் வர்க்கங்களின் சராசரிக்கு மட்டும் ஏன் மூன்று? கல்லூரியில் புள்ளியியல் படித்த பலருக்கு ‘n கழித்தல் ஒன்று’ என்ற சூத்திரம் நினைவிருக்கும், காரணம் நினைவிருக்காது. அந்தக் காரணத்தைக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் தாளில் போட்டுச் சரிபார்க்கலாம்.

நான்கால் வகுப்பது அறியாமையில் செய்யும் காரியமல்ல. அதற்குப் பின்னால் ஒரு பொதுவான முறை இருக்கிறது. அதைப் பரவலாக்கியவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த கார்ல் பியர்சன். அவருடைய நண்பரும் விலங்கியலாளருமான வெல்டன், இத்தாலியின் நேப்பிள்ஸ் விரிகுடாவில் பிடித்த 1000 நண்டுகளின் உடலைப் பல இடங்களில் அளந்திருந்தார். அந்த அளவுகளில் ஒன்று மட்டும் வழக்கமான மணி வடிவத்தில் அமையாமல் ஒரு பக்கமாகக் கோணி நின்றது. ஒரே இனம்போலத் தோன்றுவதற்குள் இரண்டு வகை நண்டுகள் கலந்திருக்கின்றனவோ என்பதுதான் கேள்வி. அப்படிக் கலந்திருந்தால் ஐந்து விஷயங்கள் தெரியாது: இரு வகைகளின் சராசரிகள், அவற்றின் சிதறல்கள், கலப்பு விகிதம். 1894-இல் வெளியிட்ட கட்டுரையில் பியர்சன் இதற்கு ஒரு வழி சொன்னார்.

அளவுகளின் சராசரி, வர்க்கங்களின் சராசரி, கனங்களின் சராசரி என்று இப்படி ஏறிக்கொண்டே போகும் தொகைகளுக்கு மொமெண்ட் என்று பெயர். நம் பாடநூல்களில் இவை விலக்கப் பெருக்குத்தொகைகள் என்று வரும். முழுமைத்தொகுதி எப்படிப்பட்டது என்று ஒரு வடிவத்தை அனுமானித்துவிட்டால், அதன் மொமெண்ட்டுகளை நமக்குத் தெரியாத எண்களைக் கொண்டே எழுதிவிடலாம். கையிலிருக்கும் மாதிரியின் மொமெண்ட்டுகளோ வெறும் கணக்கு. உட்கார்ந்து போட்டால் வந்துவிடும். இரண்டையும் சமமென்று வைத்துச் சமன்பாடுகளைத் தீர்த்தால் தெரியாதவை கிடைக்கும். தெரியாதவை எத்தனையோ அத்தனை மொமெண்ட்டுகள் வேண்டும். நண்டுக் கணக்கில் ஐந்து தேவைப்பட்டன. அவற்றைச் சுருக்கிக்கொண்டே போனதில் பியர்சனுக்கு ஒன்பதாம் படிச் சமன்பாடு ஒன்று வந்து நின்றது. அதைக் கையாலேயே தீர்த்தார்.

நமக்கு ஒன்பதாம் படி வேண்டாம், தெரியாதது ஒன்றே ஒன்று இருக்கும் கணக்கு போதும். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரியவில்லை. ஆனால் பிடிபட்ட டாங்கிகளின் பாகங்களில் வரிசை எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. எண்கள் 1-இலிருந்து தொடர்ச்சியாகப் போகின்றன, பிடிபடுவது எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் N டாங்கிகள் இருக்கும்போது எண்களின் சராசரி (N + 1)/2. இதுதான் முழுமைத்தொகுதியின் முதல் மொமெண்ட். அதைப் பிடிபட்ட எண்களின் சராசரிக்குச் சமமாக்கினால், சராசரியை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தது N என்று வருகிறது. மொமெண்ட் முறை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

இந்த விதி நம்பகமானதா என்று எப்படிச் சொல்வது? ஒரே ஒரு முறை பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்ல முடியாது. ஒரு மாதிரியில் அதிர்ஷ்டத்தால் சரியாக வரலாம், இன்னொன்றில் எக்கச்சக்கமாகத் தவறலாம். ஆகவே விடையைச் சோதிப்பதை விட்டுவிட்டு விதியைச் சோதிக்க வேண்டும். உண்மை நமக்கே தெரிந்த ஒரு சிறிய உலகத்தை எடுத்துக்கொண்டு, அங்கே கிடைக்கக்கூடிய எல்லா மாதிரிகளுக்கும் அதே விதியைப் போட்டுப் பார்த்து, வந்த விடைகளின் சராசரியை உண்மையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றானால் அந்த விதி பிறழ்ச்சியற்றது. வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம்தான் பிறழ்ச்சி.

ஐந்தே டாங்கிகள் இருக்கும் உலகம் ஒன்று. எண்கள் 1 முதல் 5 வரை. அவற்றில் இரண்டு பிடிபடுகின்றன. எந்த இரண்டு என்பதற்குப் பத்து வாய்ப்புகள். எண்கள் இரண்டுதான் என்பதால், சராசரியை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழிப்பதும், கூட்டி ஒன்றைக் கழிப்பதும் ஒன்றே. 1-உம் 2-உம் பிடிபட்டால் விடை 2. 4-உம் 5-உம் பிடிபட்டால் விடை 8. பத்து ஜோடிகளுக்கும் போட்டால் வருபவை 2, 3, 4, 5, 4, 5, 6, 6, 7, 8. கூட்டினால் 50, சராசரி 5. உண்மையும் 5. ஆக இந்த விதிக்குப் பிறழ்ச்சி இல்லை.

இதோடு இன்னொரு விதியை வைத்துப் பாருங்கள். பிடிபட்டவற்றில் மிகப் பெரிய எண் எதுவோ அதுதான் மொத்தம் என்கிறது அந்த விதி. பத்து ஜோடிகளில் 2 பெரிதாக வருவது ஒரு முறை, 3 இரண்டு முறை, 4 மூன்று முறை, 5 நான்கு முறை. கூட்டினால் 40, சராசரி 4. உண்மைக்கு ஒன்று குறைவு. ஏன் குறைகிறது என்பதும் தெளிவு. மிகப் பெரிய எண் உண்மையான மொத்தத்தைத் தொடலாம், தாண்டவே முடியாது. மேலே தவறுவதற்கு வழியே இல்லாத விதி, கீழேதான் தவறும். இந்த ஒருதலைப்பட்சத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைக் கணக்கிலும் இதே குணம்தான் வேறு உருவத்தில் வரும்.

பிறழ்ச்சியின் அளவு தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது. மிகப் பெரிய எண்ணை, அதை டாங்கிகளின் எண்ணிக்கையால் வகுத்ததோடு கூட்டி, ஒன்றைக் கழித்தால் போதும். இரண்டு டாங்கிகள் பிடிபட்ட நம் உலகில் அது ஒன்றரை மடங்கு கழித்தல் ஒன்று. சராசரியாக 4 வந்துகொண்டிருந்தது 6 ஆகி, ஒன்று கழிந்து 5-இல் நிற்கிறது. இப்போது பிறழ்ச்சியற்ற விதிகள் இரண்டு கையில் இருக்கின்றன. ஆனால் இரண்டும் சமமான தரமுடையவை அல்ல. மொமெண்ட் விதியின் விடைகள் 2 முதல் 8 வரை அலைகின்றன, திருத்திய விதியின் விடைகள் 2 முதல் 6.5 வரைதான். மொமெண்ட் விதிக்கு இன்னொரு கோளாறும் உண்டு. பிடிபட்டவை 3, 8, 11, 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 28, விதி சொல்லும் மொத்தம் 55. 90 என்ற எண் பொறித்த டாங்கி கண்முன் நிற்கும்போது மொத்தமே 55 என்று சொல்லும் விடையை யார் ஏற்பார்கள்? திருத்திய விதி இங்கே 111.5 என்கிறது. வரிசை எண்களை வைத்துப் போட்ட கணக்கு உண்மையான போரிலும் நன்றாகவே உதவியது. 1942 ஆகஸ்ட் மாத உற்பத்தி 1550 என்று உளவுத் தகவல்கள் சொல்ல, எண்களைக் கொண்டு கணித்தவர்கள் 327 என்றார்கள். போர் முடிந்து ஜெர்மன் பதிவேடுகளைத் திறந்தபோது 342 என்றிருந்தது.

மொமெண்ட் முறை விதிகளை உண்டாக்கித் தரும், அவற்றுக்கு உத்தரவாதம் தராது என்பது இதிலிருந்து தெரிகிறது. டாங்கிக் கணக்கில் கிடைத்த விதி பிறழ்ச்சியற்றதாக அமைந்தது தற்செயல். பொட்டலக் கணக்கில் அந்த நல்வாய்ப்பு இல்லை.

பொட்டலங்களுக்கு மொமெண்ட் முறை என்ன சொல்கிறது? முழுமைத்தொகுதியின் விலக்க வர்க்கச் சராசரி என்பது, இயந்திரம் போடும் எல்லாப் பொட்டலங்களின் விலகல் வர்க்கங்களின் சராசரி. அதை மாதிரியில் அதே மாதிரிப் போட்ட சராசரிக்குச் சமமாக்கு என்கிறது. அதாவது 34-ஐ நான்கால் வகு. நான்கால் வகுப்பது இங்கிருந்துதான் வருகிறது. இயல்பான, பார்த்தவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் விதி. அதையும் சிறிய உலகத்தில் வைத்துச் சோதிப்போம்.

மூன்றே எண்கள் உள்ள உலகம்: 2, 5, 8. சராசரி 5. விலகல்கள் –3, 0, 3. வர்க்கங்கள் 9, 0, 9. உண்மையான விலக்க வர்க்கச் சராசரி 18/3, அதாவது 6. இப்போது இந்த உலகிலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறோம், மறுபடி ஓர் எண்ணை எடுக்கிறோம். எடுத்ததைத் திரும்ப வைப்பது முக்கியம். ஓயாமல் ஓடும் இயந்திரத்தில் ஒரு பொட்டலத்தை எடுத்துவிட்டதால் அடுத்ததற்கான வாய்ப்புகள் மாறுவதில்லை அல்லவா, அந்த நிலையை இது ஒத்திருக்கிறது. முதல் எண் மூன்று வகை, இரண்டாவது மூன்று வகை, ஆக மொத்தம் ஒன்பது மாதிரிகள்.

மூன்று மாதிரிகளில் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும்: 2, 2, 5, 5, 8, 8. அவற்றில் சிதறலே இல்லை, விடை 0. நான்கு மாதிரிகளில் எண்கள் மூன்று தள்ளியிருக்கும், உதாரணமாக 2-உம் 5-உம். அவற்றின் சராசரி 3.5, விலகல்கள் ஒன்றரை, ஒன்றரை. வர்க்கங்களின் கூட்டல் 4.5, இரண்டால் வகுத்தால் 2.25. மீதி இரண்டு மாதிரிகளில் 2-உம் 8-உம் வரும். சராசரி 5, வர்க்கங்களின் கூட்டல் 18, இரண்டால் வகுத்தால் 9. ஒன்பது விடைகளையும் கூட்டினால் 0 + 9 + 18 = 27. சராசரி 3.

உண்மை 6. விதி சராசரியாகத் தருவதோ 3. சரியாகப் பாதி. இது சோதனையில் வந்த தற்செயல் அல்ல. கிடைக்கக்கூடிய மாதிரி ஒன்றைக்கூட விடாமல் எண்ணியிருக்கிறோம். இப்போது இரண்டால் வகுத்த இடத்தில் எல்லாம் ஒன்றால் வகுத்துப் பாருங்கள். விடைகள் 0, 4.5, 18 என்று இரட்டிப்பாகும். சராசரி 6. உண்மையோடு அச்சாகப் பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பது தெரிந்துவிட்டது. ஏன் பொருந்துகிறது என்பதைத் தேயிலைப் பொட்டலங்களை வைத்தே சொல்லலாம். சோதனைக்காக நமக்கு மட்டும் இயந்திரத்தின் ரகசியம் தெரியும் என்று வைத்துக்கொள்வோம்: அது போடும் பொட்டலங்களின் உண்மையான சராசரி 500 கிராம். விலகல்களை அந்த 500-இலிருந்து அளந்திருந்தால் –2, 3, 1, 6 என்று வந்திருக்கும். வர்க்கங்களின் கூட்டல் 4 + 9 + 1 + 36 = 50. ஆனால் 500 என்பது தெரியாததால் நாம் 502-இலிருந்து அளந்தோம், 34 வந்தது. 50 எப்படி 34 ஆனது? 502 என்பது இந்த நான்கு எண்களிலிருந்தே பிறந்த சராசரி. அது எப்போதும் இந்த நான்குக்கும் நடுவில் வந்து நின்றுகொள்ளும். எந்தப் புள்ளியிலிருந்து அளந்தால் விலகல் வர்க்கங்களின் கூட்டல் மிகக் குறைவாக இருக்குமோ, அதுதான் மாதிரியின் சராசரி. 501-இலிருந்து அளந்தாலும், 503-இலிருந்து அளந்தாலும் 34-ஐ விடக் கூடுதலாகத்தான் வரும். இரண்டிலுமே 38 வருகிறது. உண்மையான சராசரி மாதிரியின் சராசரிக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், நாம் அளக்கும் சிதறல் குறைவாகவே தெரியும். டாங்கிகளில் மிகப் பெரிய எண் மொத்தத்தைத் தாண்ட முடியாததுபோல, இந்தக் கூட்டல் உண்மையான இடத்திலிருந்து அளக்கும் கூட்டலைத் தாண்டவே முடியாது.

எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு உண்டு. 50-க்கும் 34-க்கும் வித்தியாசம் 16. மாதிரியின் சராசரி உண்மையிலிருந்து 2 கிராம் தள்ளியிருக்கிறது; 2-இன் வர்க்கம் 4; நான்கு பொட்டலங்களுக்கும் சேர்த்து 4 × 4 = 16. இது எந்த எண்களுக்கும் பொருந்தும். உண்மையான இடத்திலிருந்து அளந்த கூட்டல் = மாதிரிச் சராசரியிலிருந்து அளந்த கூட்டல் + n × (மாதிரிச் சராசரி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதன் வர்க்கம்).

இந்த மூன்று உறுப்புகளையும் எல்லா மாதிரிகளுக்கும் சராசரியாக எடுத்துப் பார்த்தால் மர்மம் அவிழ்ந்துவிடும். உண்மையான விலக்க வர்க்கச் சராசரியை V என்று வைப்போம். இடது பக்கத்தில் n விலகல் வர்க்கங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக V. ஆக அது nV. வலது பக்கத்தின் கடைசி உறுப்பில் மாதிரிச் சராசரியின் ஆட்டம் இருக்கிறது. ஒன்றையொன்று சாராத n எண்களின் சராசரி, தனி எண்ணைவிடக் குறைவாக ஆடும். அதன் விலக்க வர்க்கச் சராசரி V/n. அதை n-ஆல் பெருக்கினால் V. ஆகவே நடுவில் இருக்கும் கூட்டலுக்கு, அதாவது நாம் உண்மையில் கையில் வைத்திருக்கும் கூட்டலுக்கு, எஞ்சுவது nV – V. அதாவது (n – 1)V. அதை n – 1-ஆல் வகுத்தால்தான் V கிடைக்கும். மாதிரி எவ்வளவு பெரிதானாலும், உண்மையான சராசரி தெரியாமல் அதன் இடத்தில் மாதிரிச் சராசரியை வைத்ததற்காகக் கழியும் தொகை எப்போதும் சரியாக ஒரு V. கழிக்க வேண்டியது ஒன்று என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

பாடநூல்கள் இதை வேறு விதமாகச் சொல்லும். சராசரியிலிருந்து விலகல்களைக் கூட்டினால் பூஜ்யம் வந்தாக வேண்டும். –4, 1, –1 என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் நான்காவது 4 என்பது தானாகவே தீர்மானமாகிவிடுகிறது. சுதந்திரமானவை மூன்றே, ஆகவே கட்டின்மைக் கூறுகள் மூன்று, ஆகவே மூன்றால் வகு. இது உண்மைதான், நினைவில் வைத்துக்கொள்ளவும் வசதியானது. ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது மாணவருக்குச் செய்யும் நியாயமல்ல என்பேன். சுதந்திரமானவை மூன்று என்றால் மூன்றால்தான் ஏன் வகுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. சராசரி 500 என்பது முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்திருந்தால் 50-ஐ நான்கால் வகுப்பதே சரி என்பது மேலே போட்ட கணக்கில் உடனே புலப்படும். நான்கு பொட்டலங்கள்தான் நம் உலகமே, வேறு பொட்டலங்களைப் பற்றி நமக்குக் கேள்வி இல்லை என்றாலும் அப்படியே; அங்கே மதிப்பிட எதுவும் இல்லை, `VAR.P` போதும். ஒன்றைக் கழிப்பது, பார்க்காத பொட்டலங்களைப் பற்றிப் பேச முற்படும்போது மட்டும்தான்.

இந்தத் திருத்தம் பியர்சன் காலத்துக்கு முன்பே தெரிந்ததுதான். வானியல், நில அளவைப் பிழைகளை ஆராய்ந்த காவுஸ் 1820-களிலேயே, மதிப்பிடும் எண்கள் எத்தனையோ அத்தனையைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும் என்று காட்டியிருந்தார். இன்று இது பெஸ்ஸல் திருத்தம் என்ற பெயரில் வழங்குகிறது. ஆனால் பியர்சன் கையாண்டவை ஆயிரம் நண்டுகள்போன்ற பெரிய மாதிரிகள். 1000-ஆல் வகுத்தாலும் 999-ஆல் வகுத்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்தான். சிறிய மாதிரிகளின் தொல்லை டப்ளினிலிருந்து வந்தது. கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், பார்லி, ஹாப்ஸ் சோதனைகளில் நான்கைந்து அளவுகளை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர் 1906-07-இல் பியர்சனின் ஆய்வகத்துக்கு வந்து படித்தார். 3000 குற்றவாளிகளின் உடல் அளவுகளை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்து, சிறிய மாதிரிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதித்தார். கிடைக்கக்கூடிய எல்லா மாதிரிகளையும் எண்ண முடியாத இடத்தில், நிறைய மாதிரிகளைக் குருட்டாம்போக்கில் எடுத்துப் பார்ப்பது. நாம் இன்று கணினியில் செய்வதை அவர் அட்டைகளில் செய்தார். 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வந்த அவருடைய கட்டுரையே புள்ளியியலில் சிறிய மாதிரிகளின் காலத்தைத் தொடங்கிவைத்தது. அதில் அவரும் n-ஆல்தான் வகுத்திருந்தார். n-ஆ, n – 1-ஆ என்பது பெரிய விஷயமே அல்ல, அது பொருட்படும் அளவுக்குச் சிறிய மாதிரி எடுப்பவர்கள் பொல்லாத மது வடிப்பாளர்கள் மட்டுமே என்ற பொருளில் பியர்சன் 1912-இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னர் கட்டின்மைக் கூறுகள் என்ற கருத்தை வலியுறுத்தி, n – 1-ஐ வழக்கில் நிலைநிறுத்தியவர் ரொனால்ட் ஃபிஷர்.

பிறழ்ச்சி இல்லாததே எப்போதும் சிறந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. எடைகள் மணி வடிவத்தில் பரவியிருந்தால், நான்கு பொட்டல மாதிரியில் விடை உண்மையிலிருந்து எவ்வளவு தவறுகிறது என்பதன் வர்க்கத்தைச் சராசரியாக எடுத்துப் பார்க்கலாம். V-யின் வர்க்கத்தை ஓர் அலகாக வைத்தால், மூன்றால் வகுக்கும் விதிக்கு அந்தப் பிழை 0.67, நான்கால் வகுக்கும் விதிக்கு 0.44, ஐந்தால் வகுத்தால் 0.40. திருத்திய விதியே இந்த மூன்றில் மோசம்! காரணம், பெரிய எண்ணால் வகுத்தால் விடை சுருங்குகிறது. சுருங்குவதால் அதன் அலைச்சலும் குறைகிறது. பிறழ்ச்சியால் வரும் நஷ்டத்தை விட அலைச்சல் குறைவதால் வரும் லாபம் அதிகம்.

அப்படியானால் ஏன் மூன்றால் வகுக்கிறோம்? ஒரே ஒரு மாதிரியோடு கணக்கு முடிவதில்லை என்பதால்தான். தொழிற்சாலையில் ஒவ்வொரு மணிக்கும் நான்கு பொட்டலங்கள் எடுத்து, மாதக் கடைசியில் அத்தனை விடைகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். மாதிரிகள் சேரச் சேர அலைச்சல் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டு கரைந்துபோகும். பிறழ்ச்சி கரையாது. நான்கால் வகுத்திருந்தால், நூறு மாதிரி சேர்த்தாலும் பத்தாயிரம் சேர்த்தாலும் சராசரி உண்மையின் முக்கால் பங்கிலேயே போய் நிற்கும். எத்தனை தரவு குவித்தாலும் சரியாகாத பிழை அது.

விலக்க வர்க்கச் சராசரியைத் திருத்திவிட்டதால் அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கமும் திருந்திவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நம் மூன்று எண் உலகத்தில் ஒன்றால் வகுத்த விடைகளான 0, 4.5, 18 ஆகியவற்றுக்கு வர்க்கமூலம் எடுத்தால் 0, 2.12, 4.24. ஒன்பது மாதிரிகளுக்கும் அவற்றின் சராசரி சுமார் 1.89. உண்மையான திட்ட விலக்கம் 6-இன் வர்க்கமூலம், 2.45. வர்க்கமூலம் பெரிய எண்களை அதிகமாகவும் சிறிய எண்களைக் குறைவாகவும் அமுக்கும். அதனால் சராசரி எடுத்துவிட்டு மூலம் எடுப்பதும், மூலம் எடுத்துவிட்டுச் சராசரி எடுப்பதும் ஒன்றாவதில்லை. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் இதற்கென்று தனித் திருத்த எண்களை அட்டவணையில் வைத்திருப்பார்கள்.

நடைமுறையில் n – 1 ஏமாற்றும் இடம் வேறு ஒன்று இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் ‘ஒன்றையொன்று சாராத’ என்ற ஒரு சொல்லைப் போகிறபோக்கில் போட்டோம். மாதிரிச் சராசரியின் ஆட்டம் V/n என்று சொன்னதற்கு ஆதாரமே அதுதான். தராசுக்காரர் இரண்டே பொட்டலங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடை போட்டு, நான்கு எடைகளாக எழுதிவிட்டார் என்று வையுங்கள். தாளில் n நான்குதான். ஆனால் சராசரி, இரண்டு பொட்டலங்களின் சராசரிபோலவே ஆடும். அதன் விலக்க வர்க்கச் சராசரி V/2. நான்கால் பெருக்கினால் 2V. 4V-இலிருந்து 2V போக எஞ்சும் கூட்டல் 2V. அதை வழக்கப்படி மூன்றால் வகுத்தால் உண்மையின் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். ஒருவரும் வேண்டுமென்றே இப்படிச் செய்யமாட்டார்கள். ஆனால் இயந்திரத்திலிருந்து அடுத்தடுத்து வரும் நான்கு பொட்டலங்களை அப்படியே எடுத்தால், அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவுக்கு இதே பிழை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்தடுத்து எடுத்த நான்கில் ஒரு முறையும், மணிக்கணக்கில் இடைவெளி விட்டு எடுத்த நான்கில் ஒரு முறையுமாகப் பல நாட்கள் கணக்கிட்டுச் சேர்த்து வர வேண்டும். முதல் வகையின் சராசரி இரண்டாவதைவிடத் தொடர்ந்து குறைவாகவே வந்தால், எடைகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன. அப்போது மாற்ற வேண்டியது மாதிரி எடுக்கும் விதம். ஒன்றைக் கழிப்பதால் அது சரியாகாது.